போஸ்டரில் நான்கு வரி



எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன மாதம் மானாம்பதி வீட்டுக்கு வந்து, "தாத்தா, மாணவர் தலைவர் தேர்தல்ல நிக்கிறேன். போஸ்டருக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுங்க" என்றாள். "நீ எழுது, நான் திருத்துறேன்" என்றேன். அவள் எழுதி வந்தது:

சொட்டும் குழாயை மாற்றிடுவேன்,
கட்டிடம் புதிதாய்க் கட்டிடுவேன்!

எதுகை நன்றாக இருந்தது. சொட்டும், கட்டிடம் என்று இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் காதில் நிற்கும். ஆனால் "குழாய யாரும்மா மாத்துவாங்க?" என்று கேட்டேன். "தலைமை ஆசிரியர்தான்." "அப்ப நீ என்ன செய்வ?" யோசித்துவிட்டு, "போய்ச் சொல்லுவேன்" என்றாள். "அதையே எழுது" என்றேன்.

'மாற்றிடுவேன்' இருந்த இடத்தில் 'சொல்லிடுவேன்' போட்டதும் சொட்டும், சொல்லிடுவேன் என்று மோனையும் சேர்ந்துகொண்டது. பொய்யை எடுத்ததில் பாட்டு கெடவில்லை, இன்னும் கட்டாகிவிட்டது. கட்டிடத்தை அடித்துவிட்டோம். ஒரு மணி நேரத்தில் பாட்டு இப்படி நின்றது:

சொட்டும் குழாயைச் சொல்லிடுவேன்;
கிட்டும் பதிலைக் கேட்டுவந்து
ஒட்டி வைப்பேன் ஒருவாரத்தில்;
எட்டா வாக்கை எழுதமாட்டேன்.

மூன்றாம் வரியில் 'விரைவில்' என்றுதான் முதலில் போட்டிருந்தாள். விரைவில் என்றால் என்றைக்கு? நாள் சொன்னால்தான் பிள்ளைகள் வந்து கேட்க முடியும். கேட்க முடியாத வாக்குறுதி வாக்குறுதியே இல்லை.

"செய்வேன்னு சொல்லாம சொல்லுவேன்னு சொன்னா யாரு ஓட்டுப் போடுவா?" என்று தோழிகள் கேட்டார்களாம். அவளுக்கும் பயம்தான். அன்று சாயங்காலம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகள் அங்கே சுவரில் இருக்கின்றன. அது பிராமணர் சபை. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உள்ளவர்தான் நிற்கலாம். அதை மறைக்காமல் சொன்னேன். ஆனால் ஒரு விதி இன்றைக்கும் பொருந்தும்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. "உன் மூணாவது வரி அதுதாம்மா. கணக்குக் காட்டுறேன்னு சொல்ற" என்றேன்.

உத்திரமேரூர் ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் பிரின்ட் எடுத்தோம். முதல் தாளில் அவள் போட்டோ பெரிசு, எழுத்து சின்னது. பத்தடி தள்ளி நின்று படிக்கச் சொன்னேன், முடியவில்லை. போட்டோவை எடுத்துவிட்டு, பாட்டும் பெயரும் குடைச் சின்னமும் மட்டும் வைத்தோம்.

ஜெயித்துவிட்டாள். ஆனால் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஒரு வாரம் முடிந்த அன்று தன் போஸ்டருக்குக் கீழே ஒரு தாள் ஒட்டினாளாம்: "சொல்லிவிட்டேன். ஆள் கிடைத்ததும் சரிசெய்வதாகப் பதில். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கேட்பேன்." சில பிள்ளைகள் சிரித்தார்களாம். அழுதுகொண்டே போனில் சொன்னாள்.

"தாளைக் கிழிச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா, அப்படியே இருக்கு" என்றாள்.