எல்லாவற்றையும் ‘தல்’ ஆக்கிய கதை

குடிநீர்த் திட்டம் ஒன்றின் அரையாண்டுக் கூட்டத்துக்காகக் களக் குழுக்கள் அனுப்பும் ஸ்லைடுகளை ஒன்றாகக் கோத்து, ஒரு பக்கச் சுருக்கம் எழுதுவது என் பொறுப்பு. வந்தவை ஆளுக்கொரு மாதிரி இருந்தன. ஒருவர் ‘பழுது பார்த்தோம்’ என்கிறார், இன்னொருவர் ‘பார்த்து வருகிறோம்’, மூன்றாமவர் ‘பார்க்கப்படும்’. நடை சீராக இருக்கட்டுமே என்று எல்லா வரியையும் ‘பழுது பார்த்தல்’, ‘குழாய் பதித்தல்’ என்று மாற்றினேன். அழகாகத்தான் இருந்தது.

தொழிற்பெயர் காலம் காட்டாது என்பது பள்ளியில் படித்ததுதான். முடிந்ததும் நடப்பதும் இனி நடக்கப்போவதும் என் கையால் ஒன்றாகிவிட்டன. சுருக்கம் எழுத உட்கார்ந்தபோது எது எது என்று எனக்கே தெரியவில்லை. மூலக் கோப்பைத் திறந்து பார்க்கச் சோம்பல். ‘கைப்பம்பு பழுது பார்த்தல் – 40’ என்பதை ‘40 கைப்பம்புகள் பழுது பார்க்கப்பட்டன’ என்று எழுதிவிட்டேன். 40 என்பது ஆண்டு இலக்கு. முடிந்தது 22.

பட்டியலிலும் கை வைத்தேன். ‘பயிற்சி பெற்றோர் 60’ என்ற வரிக்குக் கீழே உள்தள்ளி ‘பெண்கள் 35’, ‘ஆண்கள் 25’ என்று இருந்தது. புள்ளிகளெல்லாம் ஒரே வரிசையில் நிற்கட்டும் என்று உள்தள்ளலை எடுத்தேன். பிறகு நானே மூன்றையும் கூட்டி 120 பேர் என்று போட்டேன்.

நிதி கொடுப்பவர் கூட்டத்தில் அந்த 40 கைப்பம்புகளைப் பற்றிக் கேட்டபோது, ‘களத்திலிருந்து அப்படித்தான் வந்தது’ என்றேன். பொய். களப் பணியாளர் ‘பார்க்கப்படும்’ என்று தெளிவாக எழுதிய தன் ஸ்லைடை அன்று மாலையே எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

இப்போது நடையைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘முடிந்தது’, ‘நடக்கிறது’, ‘திட்டம்’ என்று குறித்துக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் எழுதியவருக்கே போன். பிறகு முடிந்ததெல்லாம் இறந்த காலத்தில், திட்டமெல்லாம் எதிர்காலத்தில். சொற்களுக்கும் இதே கதிதான். ஒரு குழு ‘வீடு’ என்கிறது, இன்னொன்று ‘குடும்பம்’ என்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தால் குழாய் இணைப்பு ஒன்றா, இரண்டா? கேட்காமல் மாற்றினால் எண்ணிக்கையே மாறிவிடும். கேட்ட பிறகும் Ctrl+H-ஐ நம்ப முடியாது. ‘குடும்பம்’ என்று தேடினால் ‘குடும்பத்துக்கு’, ‘குடும்பங்கள்’ எதுவும் சிக்காது. ‘குடும்ப’ என்று தேடி ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும்.

எல்லா ஸ்லைடின் வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க பவர்பாயின்டில் Outline View உதவுகிறது. ஆனால் தனியாக டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு எழுதியது அதில் வராது. எங்கள் களக் குழுக்கள் ‘இலக்கு’ என்ற சொல்லைப் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் எழுதுகின்றன. அதனால் ஸ்லைடுகளையும் ஒருமுறை புரட்டிவிடுகிறேன்.