அதே பழுது, வேறு பழுது: ஒரு கடிதத்தின் கதை

சென்ற மாதம் இங்கே ஹைதராபாத்தில் ஒரு வண்டிப் பட்டறையின் மேலாளருக்குக் கடிதம் ஒன்று எழுத நேர்ந்தது. பழுது நீக்கக் கொடுத்த ஸ்கூட்டர் ஆறே நாளில் அதே பழுதோடு நின்றுவிட்டது. கடிதத்தை நான் இருமுறை எழுதினேன். முதல் வடிவத்தை அனுப்பியிருந்தால் எனக்கு ஒரு ரூபாயும் திரும்பியிராது என்று இன்றும் நம்புகிறேன்.

வண்டி ஐந்தாண்டுப் பழையது. காலையில் செல்ஃப் பொத்தானை அழுத்தினால் 'டிக், டிக்' என்று ஓசை மட்டும் வரும், எஞ்சின் சுழலாது. கிக்கரை உதைத்தால் கிளம்பிவிடும். பட்டறையில் விட்டேன். மாலையில் பில் வந்தது: புதிய பேட்டரி 1,550 ரூபாய், செல்ஃப் மோட்டார் 2,100, கூலி 450. ஆக 4,100. உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று தெரியாத ஒருவருக்கு அது சிறிய தொகையன்று. ஆயினும் வண்டி பொத்தானைத் தொட்டதும் கிளம்பியதால் மனமுவந்தே கொடுத்தேன். கழற்றிய பழைய மோட்டாரை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். பழைய உதிரிப்பாகத்தை விட்டுவிட்டு வரக்கூடாது என்பது என் அப்பாவின் வழக்கம். காரணம் தெரிந்து செய்ததன்று.

ஆறாம் நாள் மீண்டும் 'டிக், டிக்'.

அன்றிரவே எழுதிய முதல் கடிதத்தில் "ஏமாற்றிவிட்டீர்கள்" என்ற சொல் மூன்று இடங்களில் இருந்தது. மறுநாள் காலை படித்தபோது எனக்கே கூசியது. ஏமாற்றுதல் என்பது ஒருவரது உள்நோக்கத்தைப் பற்றிய கூற்று. அவர் மனத்தை நான் எதைக் கொண்டு நிறுவுவேன்? இன்னொரு ஓட்டையும் தென்பட்டது. "அதே பழுது" என்று எழுதியிருந்தேன். வாடிக்கையாளருக்குப் பழுது என்பது அறிகுறி: வண்டி கிளம்பவில்லை. பட்டறைக்குப் பழுது என்பது பாகம்: மோட்டார், பேட்டரி. "அன்று மோட்டார் போயிருந்தது, இன்று வேறொன்று போயிருக்கிறது, இது வேறு பழுது" என்று அவர் சொன்னால் நான் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். ஆகவே காரணம் ஒன்றே என்று காட்டாமல் கடிதம் எழுதிப் பயனில்லை.

விடுதிக்கு அருகே தெருவோரம் வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் சாச்சா என்றே அழைப்போம். அவரிடம் சென்று, "சாச்சா, எதையும் கழற்ற வேண்டாம், சோதித்து மட்டும் சொல்லுங்கள்" என்றேன். இன்னொருவர் கைவைத்துவிட்டால், குறை அவரால் வந்தது என்று சொல்லப் பட்டறைக்கு வழி கிடைத்துவிடும். சாச்சா சிரித்துக்கொண்டே, "சரி பேட்டா" என்று மல்டிமீட்டரை எடுத்தார்.

சோதனை எளிது. எஞ்சின் அணைந்திருக்கையில் பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தார்: 11.8 வோல்ட். முழுதாக மின்னேறிய பேட்டரி 12.6-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். பிறகு கிக்கரை உதைத்துக் கிளப்பி, ஆக்சிலரேட்டரை முறுக்கியபடி மறுபடி அளந்தார். ஏறத்தாழ 14 வோல்ட்டுக்கு உயர வேண்டிய அளவு 11.9-இலேயே நின்றது. அதாவது வண்டி ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரமே போகவில்லை. எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோ மின்சாரம் தருகிறதா என்று அதன் ஒயரிலும் சோதித்தார். தந்தது, வேகம் கூடக் கூடியது. இடையில் இருப்பது ரெகுலேட்டர். மேக்னெட்டோவிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, அளவைக் கட்டுக்குள் வைத்துப் பேட்டரிக்கு அனுப்புவது அதுதான். ஆக, குறை அதிலோ அதன் இணைப்பிலோ இருக்க வேண்டும்.

அப்போதுதான் முழுக் கதையும் விளங்கியது. பழைய பேட்டரி மின்னேறாமல் வற்றிப்போனது. புதியது கடையிலிருந்து வரும்போதே மின்னோடு வந்தது. அந்தக் கையிருப்பில் ஆறு நாள் ஓடி அதுவும் வற்றியது. பட்டறையில் பழுது நீங்கவே இல்லை. திரும்பி வந்தது என்று நான் சொன்னதுகூடத் தவறு.

பழைய மோட்டாரையும் காட்டினேன். சாச்சா அதைக் காலடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நன்கு மின்னேறிய ஒரு பேட்டரியோடு தடித்த ஒயரால் ஒரு நொடி இணைத்தார். மோட்டார் உறுமிக்கொண்டு சுழன்றது. மீட்டர் காட்டிய அளவுகளையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் மோட்டார் சுழன்றதையும் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் கடிதம் ஒரு பக்கமே. ஆங்கிலத்தில் எழுதியதன் நடுப்பகுதியைத் தமிழில் தருகிறேன்:

"தங்கள் ஜாப் கார்டில் என் புகார் 'செல்ஃப் வேலை செய்யவில்லை, பேட்டரி இறங்குகிறது' என்று பதிவாகியுள்ளது. வண்டியைப் பெற்றபோது ஓடியிருந்தது 31,482 கிலோமீட்டர். மீண்டும் நின்றபோது 31,551. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 11.9 வோல்ட்டே உள்ளது, படம் இணைத்துள்ளேன். 'பேட்டரி இறங்குகிறது' என்ற புகாருக்கு மின்னேற்றத்தைச் சோதித்ததாகத் தங்கள் ஜாப் கார்டில் பதிவில்லை. வண்டியை வேறெவரும் பிரிக்கவில்லை; தாங்களே சோதித்துப் பார்க்கலாம். பேட்டரியின் விலையை நான் கேட்கவில்லை. மோட்டாரின் விலையையும் கூலியையும் திருப்பித் தருமாறும், மின்னேற்றக் குறையைக் கூலியின்றிச் சரிசெய்யுமாறும் கேட்கிறேன். ரெகுலேட்டர் தேவையெனில் அதன் விலை என்னுடையது."

பேட்டரியை ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று நண்பர்கள் கடிந்துகொண்டனர். பழைய பேட்டரி மூன்றாண்டு உழைத்தது. நெடுநாள் மின்னேறாமல் கிடந்த பேட்டரி உள்ளே கெட்டிருக்கவும் கூடும். அது நன்றாக இருந்தது என்று என்னால் காட்ட முடியாது. காட்ட முடியாததைக் கேட்டால், காட்ட முடிந்ததன் மீதும் ஐயம் படியும்.

கடைசிப் பத்தியில் ஏழு நாள் அவகாசம் தந்து, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு சொல்லும் சேவைக் குறைபாடு இது என்றும், தவறினால் நான் வசிக்கும் இம்மாவட்ட ஆணையத்திடம் முறையிடுவேன் என்றும் எழுதினேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டுக்கு அங்கே கட்டணம் இல்லை. மிரட்டல் போலத் தொனிக்காதிருக்க அந்தப் பத்தியை நான்குமுறை திருத்தினேன். ஆய்வேட்டின் முன்னுரைக்குக்கூட இவ்வளவு பாடுபட்டதில்லை.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் பெற்றேன். மேலாளர் படித்துவிட்டு, "மேடம், சுமையில்லாமல் எந்த மோட்டாரும் சுழலும். எஞ்சினோடு மாட்டினால்தான் அதன் வலு தெரியும்" என்றார். அது உண்மைதான். கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் வெறுமனே சுழலும், எஞ்சினைத் திருப்பும்போது திணறும். சாச்சாவும் அப்படித்தான் எச்சரித்திருந்தார். "அப்படியானால் அதே மோட்டாரை மாட்டிப் பார்ப்போமே, சார்" என்றேன். அவர் சற்று யோசித்து, உள்ளே இருந்த மூத்த மெக்கானிக்கை அழைத்தார்.

மாட்டிப் பார்க்கவில்லை. மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு முன்பக்க மூடியைக் கழற்றினார். ரெகுலேட்டரின் கப்ளர் ஒரு முனையில் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. மேலாளர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். ரெகுலேட்டருக்கு 650 ரூபாய் நான் தந்தேன், கூலி வாங்கவில்லை. முந்தைய கூலி 450-ஐயும் மோட்டார் விலையில் பாதியான 1,050-ஐயும் திருப்பித் தந்தார். முழு விலையையும் கேட்டு ஆணையத்துக்குப் போயிருக்கலாம். மோட்டார் தேய்ந்திருந்ததா இல்லையா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாததால் பாதி நியாயமென்றே பட்டது.

கிளம்புமுன் எஞ்சினை ஓடவிட்டு அளவைக் காட்டச் சொன்னேன். 14.2. அந்த எண்ணையும் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.