கடன் காசுக்குப் பொறுமை இல்லை

எங்களுக்குள்ள பங்குச்சந்தைக் கதை வந்தால், யாராவது ஒருவர் “மார்ஜினில போட்டால் இலாபம் இரண்டு மடங்கு” என்று சொல்லாமல் இருக்கமாட்டார். அது பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதைதான். மற்றப் பாதியைப் பார்க்க நாங்கள் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டோம்.

எங்கட கையில் 1,00,000 ரூபாய் இருக்கிறது. தரகு நிறுவனம் இன்னொரு 1,00,000 கடன் தருகிறது. 100 ரூபாய் விலையில் 2,000 பங்குகள் வாங்குகிறோம். அந்தப் பங்குகளே கடனுக்கு ஈடு. இப்படிக் கடனால் முதலைப் பெருப்பிப்பதைத்தான் லீவரேஜ் என்கிறார்கள்.

விலை 120 ஆனால் பங்குகளின் பெறுமதி 2,40,000. கடன் போக 1,40,000 மிஞ்சும். விலை ஏறியது 20 வீதம், எங்களுக்கு இலாபம் 40 வீதம். விலை 80 ஆனால் பெறுமதி 1,60,000. கடன் போக மிஞ்சுவது 60,000. இறங்கியது 20 வீதம், நட்டம் 40 வீதம். விலை கூடினாலும் குறைஞ்சாலும் கடன் அதே 1,00,000தான். அடி முழுக்க எங்கட பங்கில்தான் விழும். விலை 50க்குப் போனால் எங்கட காசு முழுதும் போய்விடும். அதற்குக் கீழே போனால் நாங்கள் கடனாளி. இதில் வட்டியைச் சேர்க்கவில்லை. வருடத்துக்கு 15 வீதம் என்று வைத்தால், விலை 107.50 ஆனால்தான் வருட முடிவில் கை கடிக்காது.

இதுவரைக்கும் வெறும் பெருக்கல். எங்களை யோசிக்க வைத்தது அடுத்த விஷயம்.

பெறுமதியில் 30 வீதமாவது எங்கட சொந்தக் காசாக இருக்கவேண்டும் என்பது ஒப்பந்தம் என்று வைப்போம். விலை 70 ஆனால் பெறுமதி 1,40,000, எங்களுடையது 40,000. இருக்கவேண்டியது 42,000. உடனே “காசு போடுங்கோ, இல்லாட்டி பங்கை விற்போம்” என்று அழைப்பு வரும். இதுதான் மார்ஜின் கோல். நாங்கள் காசு போடாவிட்டால் அவர்களே விற்கலாம். நகையை அடகு வைத்தால் தவணை முடியும்வரை பொறுப்பார்கள். இங்கே ஒவ்வொரு நாள் விலையும் ஒரு தவணை.

70இல் எல்லாம் விற்கப்பட்டது, சில மாதங்களில் விலை திரும்ப 100க்கு வந்தது என்று வைப்போம். சொந்தக் காசில் மட்டும் 1,000 பங்கு வாங்கியவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. எங்களிடம் இருப்பது 40,000 மட்டும். பங்கைப் பற்றி இருவரும் நினைத்தது சரி. ஆனால் அவரால் காத்திருக்க முடிந்தது.

விற்கவே முடியாத நாட்களும் வரும். 2022 ஏப்ரலில் கொழும்புப் பங்குச் சந்தை ஒரு வாரம் மூடிக்கிடந்தது. 25ஆம் திகதி திறந்ததும் விலைகள் வேகமாக விழ, அன்றைய வணிகம் நிறுத்தப்பட்டது. சந்தை பூட்டியிருந்தாலும் கடனுக்கு வட்டி ஓடும்.

அதனால் இப்போது யாராவது “இரண்டு மடங்கு” என்றால் நாங்கள் ஒரு கேள்விதான் கேட்கிறோம்: எந்த விலைக்கு வந்தால் உங்கட பங்கை அவர்கள் விற்பார்கள்? அந்த இலக்கம் தெரியாதவர் மார்ஜின் கணக்குத் திறக்காமல் இருப்பதே நல்லது.