கை வைக்காத நாற்பது பீஸ்

அந்த சார்ட்டரின் முதல் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "பிரச்சினை" என்ற கட்டத்தில் நான் எழுதியது: "மெஷினிங் செல்லில் ரிஜெக்ஷன் 3.8 சதவீதம். உத்தேசக் காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு." எழுதும்போது எனக்கு இருபத்தைந்து வயது. கிரீன் பெல்ட் வாங்க ஒரு புராஜெக்ட் முடித்தாக வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு ஆட்டோ பாகங்கள் கம்பெனி, பெயர் வேண்டாம். சிக்ஸ் சிக்மா 1980களில் மோட்டரோலாவில் பிறந்த முறை என்பதும், அதற்கு ஐந்து படிகள் என்பதும், ஒவ்வொரு படியிலும் என்னென்ன படிவம் நிரப்ப வேண்டும் என்பதும் மனப்பாடமாகத் தெரியும். முதல் படியிலேயே காரணத்தை எழுதிவைப்பது அந்த முறைக்கே விரோதம் என்பது மட்டும் உறைக்கவில்லை.

செல் என்று சொன்னால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு சிஎன்சி லேத், ஒரு டிரில்லிங் மெஷின். ஃபோர்ஜிங்காக வரும் ஒரு ஹப், நாளைக்குச் சுமார் 450. இரண்டாவது லேத்தில்தான் நடுவிலுள்ள துளையை ஃபினிஷ் செய்வார்கள். 25 மில்லிமீட்டர், எச்7. அதாவது 25.000-க்குக் குறையக் கூடாது, 25.021-ஐத் தாண்டக் கூடாது. அந்த 21 மைக்ரானுக்குள்தான் எங்கள் கதை முழுவதும். துளை சின்னதாக இருந்தால் மறுபடி கடைந்துவிடலாம், மஞ்சள் பின்னுக்குப் போகும். பெரிதானால் சதையை ஒட்டவா முடியும்? ரெட் பின். ரெட் பின்னில் விழுவதில் மூன்றில் இரண்டு பங்கு இந்தத் துளை பெரிதானவைதான்.

ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது முதல் ஷிஃப்ட் 3.7, இரண்டாவது 5.1, மூன்றாவது 2.6. இரண்டாவது ஷிஃப்டில் இருந்தவர் இருபத்திரண்டு வருஷ அனுபவஸ்தர். எல்லோருக்கும் அண்ணன். மூன்றாவது ஷிஃப்டில் ஐடிஐ முடித்து வந்து எட்டு மாதமே ஆன பையன். கணக்கு மேலே போனது. அண்ணனுக்கு மெமோ ஒன்று டைப் ஆகிவிட்டது, என் புராஜெக்ட் முடியும்வரை நிறுத்திவைக்கலாம் என்று மேனேஜர் சொன்னார். என் சார்ட்டரை ஆதாரமாக வைத்துத்தான் அதை டைப் செய்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அளவிடும் படியில் முதலில் செய்ய வேண்டியது பீஸை அளப்பது இல்லை, அளக்கிற கருவியை அளப்பது. பத்து பீஸ், மூன்று ஆபரேட்டர்கள், ஒவ்வொரு பீஸையும் மூன்று தடவை, வரிசை தெரியாமல் கலைத்துக் கொடுத்து அளக்கச் சொல்ல வேண்டும். ஒரே பீஸுக்கு ஒரே ஆள் வேறு வேறு எண் சொன்னால் அது கருவியின் ஆட்டம். ஆளுக்கு ஆள் மாறினால் அது கைப்பழக்கம். இரண்டையும் சேர்த்த சிதறல் டாலரன்ஸில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, முப்பதைத் தாண்டினால் அந்தக் கருவியை நம்பி முடிவெடுக்கக் கூடாது. எங்களுக்கு வந்தது 62. கணக்கில் தப்பு என்று நினைத்து இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அதேதான்.

கருவி, டயல் போர் கேஜ். துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் ஆட்டி, முள் திரும்புகிற இடத்தைப் படிக்க வேண்டும். அந்த ஆட்டத்திலேயே ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று மைக்ரான் போய்விடும். இன்னொன்று சூடு. சித்திரை மாசம், ஷெட்டுக்குள் 34 டிகிரி. லேத்திலிருந்து வரும் பீஸ் வெதுவெதுப்பாக 45 டிகிரியில் இருக்கும். கேஜை செட் செய்கிற மாஸ்டர் ரிங் மேசையில் ஆறிக் கிடக்கும். எஃகில் 25 மில்லிமீட்டர் துளை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.29 மைக்ரான் விரியும். பதினோரு டிகிரி வித்தியாசத்துக்கு மூன்று மைக்ரானுக்குக் கொஞ்சம் மேலே. ஆக, எந்த பீஸை அளந்தாலும் இருப்பதைவிட மூன்று மைக்ரான் பெரிதாகவே தெரியும்.

ரெட் பின்னிலிருந்து துளை பெரிது என்று போட்ட 60 பீஸை எடுத்துப்போய், ஸ்டாண்டர்ட்ஸ் ரூமில் 20 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்து அளந்தோம். 17 பீஸ் நல்ல பீஸ். கம்பெனி காசு கொடுத்து வாங்கி, கடைந்து, துளை போட்டு, குப்பைக்கு அனுப்பியவை. எனக்குச் சந்தோஷம். ஒரு மாசத்தில் புராஜெக்ட் முடிந்தது என்றே நினைத்தேன். மேனேஜர்தான் அடுத்த கேள்வியைக் கேட்டார். "நல்லது ரெட் பின்னுல இருந்தா, கெட்டது எங்க இருக்கும்?" பேக் செய்த பெட்டிகளிலிருந்து 200 எடுத்து அளந்தோம். மூன்று பீஸ் சின்னது. சூட்டில் சரியாகத் தெரிந்து, ஆறியதும் சுருங்கியவை. அன்று ராத்திரி குடோனில் இருந்த சரக்கு முழுவதையும் பிரித்து அளந்தோம். ரிஜெக்ஷனைக் குறைக்கத் தொடங்கிய வேலை, முதல் வாரத்தில் கூட்டியது.

அடுத்தது ஆராய்வது. ஒரு வாரத்துக்கு ரெட் பின்னில் போடும் ஒவ்வொரு பீஸிலும் மார்க்கரால் நேரத்தை எழுதச் சொன்னேன். இன்சர்ட் மாற்றிய நேரத்தைத் தனியாகக் குறித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே, இன்சர்ட் மாற்றியபின் வந்த முதல் இரண்டு பீஸ்கள். இதற்குக் காரணம் நேரானது. இன்சர்ட் தேயத் தேயத் துளை சின்னதாகிக்கொண்டே வரும், ஏறக்குறைய பன்னிரண்டு பீஸுக்கு ஒரு மைக்ரான். அதை ஈடுகட்ட ஆபரேட்டர் ஆஃப்செட் கூட்டிக்கொண்டே போவார். 150 பீஸ் முடிந்து புது இன்சர்ட் போடும்போது, கூட்டிய 12 மைக்ரானும் மெஷினுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். நடுவில் 10-ல் விழ வேண்டிய பீஸ் 22-ல் விழும். எவ்வளவு திருப்பி எடுக்க வேண்டும் என்பது எழுதி எங்கும் இல்லை. அவரவர் மனக்கணக்கு.

மீதிப் பாதிக்குத்தான் விடை இல்லை. எந்த நேரத்திலும் வந்தது, இரண்டாவது ஷிஃப்டில் அதிகம் வந்தது. நான் போய் அண்ணன் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். அவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல மனசு வராது. ஒவ்வொரு பீஸையும் துடைப்பார், அளப்பார், பேனலுக்குப் போய் ஆஃப்செட் போடுவார். நான்கு பெரிதாக வந்தால் நான்கு குறைப்பார். மூன்று சின்னதாக வந்தால் மூன்று கூட்டுவார். ஒரு பீஸ் விடமாட்டார். பிறகு மூன்றாவது ஷிஃப்ட் பையனைப் போய்ப் பார்த்தேன். அவன் பதினைந்து பீஸுக்கு ஒன்று அளந்தான். நடுவில் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் 2.6.

டெமிங்கின் புனல் சோதனையை வகுப்பில் படித்திருந்தேன். புனலிலிருந்து குண்டு விழுகிற இடத்தைப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்தினால் சிதறல் குறையாது, கூடும். பரீட்சைக்குப் படித்தது லேத் முன்னால் நிற்கும்போதுதான் புரிந்தது. மெஷினுக்கு இயல்பாகவே ஒரு ஆட்டம் உண்டு. இந்த பீஸ் நான்கு பெரிது, அடுத்தது தானாகவே இரண்டு சின்னதாக வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் நான்கைக் குறைத்துவிட்டதால் அது இரண்டுக்குப் பதில் ஆறு சின்னதாக வரும். உடனே ஆறு கூட்டுவார். போதாததற்கு அவர் பார்க்கும் எண்ணே கேஜின் ஆட்டத்தால் முன்பின் இருக்கிறது. இல்லாத தப்பையும் சேர்த்துத் திருத்திக்கொண்டிருந்தார்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? வார்த்தையில் சொன்னால் எடுபடாது என்று தோன்றியது. "அண்ணா, நாளைக்கு நாற்பது பீஸ் எப்பவும்போல ஓட்டுங்க. அடுத்த நாற்பது பீஸுக்கு மட்டும் ஆஃப்செட்ல கை வைக்காம ஓட்டுவீங்களா?" என்றேன்.

"ரிஜெக்ட் ஆச்சுன்னா யாரு பேர்லீங்க சார்?"

"என் பேர்ல."

ஓட்டினார். இரண்டாவது நாற்பது ஓடும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு பீஸ் எட்டுப் பெரிதாகக் காட்டியது. பேனல் பக்கம் ஒரு அடி வைத்து, என்னைப் பார்த்து, நின்றுவிட்டார். எண்பதையும் ஒரு ராத்திரி ஆறவைத்து, மறுநாள் அவரையே ஸ்டாண்டர்ட்ஸ் ரூமுக்குக் கூட்டிப்போய் அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். கை வைத்த நாற்பதில் சின்னதுக்கும் பெரிதுக்கும் 14 மைக்ரான் வித்தியாசம். கை வைக்காத நாற்பதில் 9. அந்த ஒன்பதிலும் மூன்று, இன்சர்ட் தேய்மானத்தால் மெல்லச் சரிந்தது. கிராஃப் தாளில் புள்ளி வைத்தபோது அந்தச் சரிவு தெளிவாகத் தெரிந்தது. கை வைத்த நாற்பதில் சரிவே தெரியவில்லை, தூறல் மாதிரி எங்கும் புள்ளி.

ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். "அப்ப இத்தன வருசமா நாந்தான் கெடுத்துட்டு இருந்தனுங்களா?" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. தாள் அவர் கையெழுத்தில் இருந்தது. "அளந்தது சரிதாங்ண்ணா, எப்ப திருத்தணும்னு நாங்க யாரும் சொல்லித் தரலை" என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் சார்ட்டரில் நான் எழுதியிருந்த வரியை அவரிடம் சொல்லவில்லை. ஆபீசுக்குப் போய் அதை அடித்துவிட்டு, மெமோவையும் கிழிக்கச் சொன்னேன். மேனேஜர் ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

மேம்படுத்தும் படியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், கஷ்டமெல்லாம் அதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. போர் கேஜுக்குப் பதில் ஏர் கேஜ் வந்தது. ஆட்ட வேண்டியதில்லை, நுழைத்தால் போதும். கேஜ் சிதறல் 14 சதவீதத்துக்கு இறங்கியது. பீஸும் மாஸ்டரும் ஒரே இரும்புத் தட்டில் பத்து நிமிஷம் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தபின் அளக்க வேண்டும். இன்சர்ட் மாற்றினால் ஆஃப்செட் அந்த இன்சர்ட் தொடங்கிய எண்ணுக்குத் திரும்ப வேண்டும், அதிலிருந்து ஐந்து மைக்ரான் சின்னதாக முதல் பீஸை ஓட்ட வேண்டும். சின்னதை மறுபடி கடையலாம் அல்லவா.

கை வைக்கும் விதியை ஏர் கேஜின் டயலிலேயே வர்ணம் பூசினோம். 5 முதல் 16 வரை பச்சை, இரண்டு ஓரத்திலும் மஞ்சள், 21 மைக்ரானுக்கு வெளியே சிவப்பு. பச்சையில் இருந்தால் தொடாதே. மஞ்சள் வந்தால் அடுத்த பீஸை அள, அதுவும் அதே பக்க மஞ்சள் என்றால் மட்டும் ஆஃப்செட் போடு. ஒன்று மேல் மஞ்சள், ஒன்று கீழ் மஞ்சள் என்றால் ஆஃப்செட்டால் தீராது, நிறுத்திவிட்டு செட்டரைக் கூப்பிடு. சிவப்பு ஒன்று வந்தாலே நிறுத்து. நான்கு மாதத்தில் ரிஜெக்ஷன் 1.5-க்கு வந்து நின்றது. மிச்சம் பெரும்பாலும் ஃபோர்ஜிங்கிலேயே வருகிற குறை. அதை இந்த செல்லுக்குள் இருந்துகொண்டு சரிசெய்ய முடியாது.

கட்டுப்படுத்துவது என்ற கடைசிப் படியைப் பற்றி எனக்கு அப்போது பெரிய மரியாதை இல்லை. கார்டு லேமினேட் செய்து மாட்டினால் முடிந்தது என்று சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டேன். எட்டு மாதம் கழித்து ரிஜெக்ஷன் மறுபடி 2-ஐத் தாண்டியது. போய்ப் பார்த்தால் கார்டு அப்படியே இருந்தது, எல்லோரும் அதன்படியே ஓட்டினார்கள். பர்ச்சேஸில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று இன்சர்ட் கிரேடை மாற்றியிருந்தார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. புது இன்சர்ட் வேகமாகத் தேய்ந்தது, பதினைந்து பீஸுக்கு ஒருமுறை அளப்பது போதவில்லை.

அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. அண்ணன் டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். விதி பதினைந்துக்கு ஒன்று அளந்தால் போதும் என்கிறது. அவர் அப்போதும் ஒவ்வொரு பீஸையும் அளந்துகொண்டுதான் இருந்தார், ஆஃப்செட் மட்டும் போடுவதில்லை. எண்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். மூன்று வாரத்துக்கு முந்தின ஒரு பக்கத்தில் கோடு கிழித்து "புது டப்பா" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரு மைக்ரான் இறங்க ஐந்தாறு பீஸ்தான் ஆகியிருக்கிறது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்ண்ணா?"

"விதியில எழுதலீங்களே சார்" என்றார். சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தட்டில் ஆறிக்கொண்டிருந்த அடுத்த பீஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.