பொங்கல் கழிந்து வந்த வாழ்த்து

பொங்கல் வாழ்த்து ஒன்று பொங்கலன்று வராமல், பானையைக் கழுவிக் கவிழ்த்து, கரும்புச் சக்கையையும் வாரிக் கொட்டிய பிறகு வந்து சேர்ந்தால் அதற்கு எப்படிப் பதில் எழுதுவது? இது ஒரு பெரிய கேள்வியா என்று நேயர்கள் நினைக்கலாம். நாமும் வெகு நாள் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் நம்மிடம் படித்து, இப்பொழுது ராணுவத்தில் பணியாற்றும் மாணவர் ஒருவர் 2025ஆம் வருஷத்துப் பொங்கலுக்கு அனுப்பிய வாழ்த்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, நான்கு வரி எழுதுவதற்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் வேண்டியிருந்தது.

ஒரு காலத்தில் மார்கழி பிறந்துவிட்டால் கடை வாசல்களில் வாழ்த்து அட்டைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சிவகாசியில் அச்சான அட்டைகள். ஒன்றில் காளை மாடு, ஒன்றில் பொங்கும் பானை, ஒன்றில் முருகன், இன்னொன்றில் சினிமா நடிகர். பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கி, உறையை ஒட்டாமல், குறைந்த தபால்தலை ஒட்டிப் 'புக் போஸ்ட்' என்று எழுதிப் பெட்டியில் போடுவார்கள். கடிதங்களுக்குப் பின்தான் புக் போஸ்ட்டுக்கு முறை. ஆகவே பண்டிகை நெருக்கடியில் அவ்வாழ்த்துக்கள் பின்தங்கி வருவது சகஜம். யாரும் அதைக் குறையாக எண்ணியதுமில்லை. கைப்பேசி வந்த பிறகு வாழ்த்து நொடியில் வந்து விழுகிறது. அதனாலேயே, பிந்தி வரும் காகித வாழ்த்து இன்று கண்ணில் உறுத்துகிறது.

மேற்படி மாணவரின் வாழ்த்து புக் போஸ்ட் அன்று; ஒட்டிய உறைக்குள் அட்டையும், கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதமுமாக வந்தது. பதில் எழுதுமுன் நாம் செய்த முதற் காரியம், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான். பிந்தி வந்த கடிதத்தில் பார்க்க வேண்டிய தேதிகள் மூன்று. முதலாவது, கடிதத்தின் தலையில் எழுதியவர் இட்ட தேதி. இரண்டாவது, தபால்தலையின் மீது விழுந்திருக்கும் முத்திரை. மூன்றாவது, உறையின் பின்புறத்தில் நம் ஊர்த் தபாலாபீஸ் முத்திரை. இந்த மூன்றாவது முத்திரையைச் சாதாரணத் தபாலில் இக்காலத்தில் எப்பொழுதும் குத்துவதில்லை. குத்தினாலும் சில சமயம் மை கரைந்து ஒரு கறுப்பு வட்டம் மாத்திரமே மிஞ்சும். நமக்கு அன்று அதிர்ஷ்டம் இருந்தது. மூன்று தேதிகளும் படிக்கும்படி இருந்தன.

கடிதத்தின் தேதி ஜனவரி 2. அதாவது மார்கழி 18. ராணுவத் தபாலாபீஸ் முத்திரை ஜனவரி 4. அம்முத்திரையில் ஊர்ப்பெயர் கிடையாது, எண் மாத்திரமே உண்டு. ஒட்டன்சத்திரம் முத்திரை ஜனவரி 18, சனிக்கிழமை. ஆனால் அது நம் கைக்கு வந்தது 20, திங்கட்கிழமை, தை 7. அவர் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதியிருந்தார். அவ்வருஷம் தை முதல் தேதி செவ்வாய்க்கிழமை வந்தபடியால், அரசாங்கம் வெள்ளிக்கிழமையையும் விடுமுறையாக்க, பள்ளிக்கூடம் 14 முதல் 19 வரை மூடியிருந்தது. காவற்காரர் வாங்கி வைத்து, திறந்த அன்று கொடுத்தார்.

ஆகப் பதினெட்டு நாட்களில் அவரிடம் இருந்தவை இரண்டு. தபாலில் கழிந்தவை பதினான்கு. நமது வாசற்படியில் கிடந்தவை இரண்டு. பொங்கலுக்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பே உட்கார்ந்து வாழ்த்து எழுதிய ஒருவரைப் பார்த்து, 'உன் வாழ்த்துப் பிந்திவிட்டது' என்று சொல்ல நமக்கு வாய் வருமா? தேதிகளைப் பாராமல் பதில் எழுதியிருந்தால் வந்திருக்கக் கூடும்.

இதற்கு நேர்மாறான கேஸும் உண்டு. கடிதத்தின் தலையிலேயே ஜனவரி 16 என்றிருந்து, 'வேலை மிகுதியால் முன்பே எழுத இயலவில்லை, மன்னிக்க வேண்டும்' என்றும் எழுதியிருந்தால், தாமதத்தைப் பற்றிப் பதிலில் மௌனம் சாதிப்பது கோபம் போலத் தோன்றிவிடும். அப்பொழுது, 'வேலைக்கு நடுவிலும் எழுதினீர்களே, அது போதும்' என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட வேண்டும். இரண்டாவது வாக்கியம் எழுதினால் மன்னிப்பு வழக்கு விசாரணை ஆகிவிடும்.

நம் மாணவரோ மன்னிப்புக் கேட்கவில்லை. வாழ்த்துப் பொங்கலுக்கு முன்பே நம் கையில் இருந்திருக்கும் என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணத்தை அப்படியே விட்டுவிடலாமா, அல்லது உள்ளதைச் சொல்வதா? பதிலில் தேதியை முன்தள்ளிப் போட்டுவிடலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நமக்கு அது ஒப்பவில்லை. நம் பதிலிலும் முத்திரை விழுமே! அன்றியும், தபால் எத்தனை நாள் எடுக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த வருஷம் அவர் இன்னும் ஒரு வாரம் முந்தி எழுதுவார். ஆகவே கிடைத்த தேதியைச் சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் சூட்சுமம்.

இங்கே வாத்தியார் புத்தி சற்றுத் தலைகாட்டுவதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும். 'உன் வாழ்த்துத் திங்கட்கிழமை கிடைத்தது' என்பது ஒரு செய்தி. 'உன் வாழ்த்துத் திங்கட்கிழமைதான் கிடைத்தது' என்பது ஒரு புகார். இரண்டு வாக்கியங்களுக்கும் வித்தியாசம் 'தான்' என்ற இரண்டெழுத்து. அதைப் போலவே, 'தாமதமாக வந்தாலும் மகிழ்ச்சி' என்று பலர் நல்லெண்ணத்தோடு எழுதுகிறார்கள். அந்த 'ஆலும்' என்ன செய்கிறது? முதலில் குற்றத்தை நிலைநாட்டுகிறது. பிறகே மகிழ்ச்சியை அனுமதிக்கிறது. 'பரவாயில்லை' என்ற சொல்லோ, கேளாத மன்னிப்பைக் கொடுத்து, இல்லாத குற்றத்தை உண்டாக்குகிறது. 'இப்பொழுதாவது வந்ததே' என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது மாமியார் வீட்டு வசனம்.

இத்தனையும் கழித்த பிறகு கடிதத்தில் மிஞ்சியது இது: 'நீ மார்கழி 18ஆம் நாள் எழுதிய வாழ்த்து, தை 7ஆம் நாள், பள்ளிக்கூடம் திறந்த அன்று கிடைத்தது. ஆசிரியர் அறையில் எல்லோரும் படித்தோம்.' இரண்டு தேதிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. கணக்கை அவரே போட்டுக் கொள்வார். அதோடு, பொங்கலன்று வந்திருந்தால் அக்கடிதத்தை நாம் ஒருவர் மாத்திரம் படித்திருப்போம் என்பதும் அவருக்கு விளங்கும்.

அடுத்த கேள்வி, பதிலுக்கு எதை வாழ்த்துவது என்பது. பொங்கல் போய்விட்டது. 'பொங்கல் வாழ்த்துக்கள்' என்று திருப்பி எழுதினால், ஆறின பொங்கலைச் சுடவைத்துப் பரிமாறினது போலாகும். ராணுவ வீரராயிற்றே, ஜனவரி 26 குடியரசு தினம் வருகிறதே, அதற்கு வாழ்த்தலாம் என்று முதலில் தோன்றிற்று. ஆனால் அவர் கடிதம் தபாலில் பதினான்கு நாள் வந்தது. நமது பதிலை 21ஆந் தேதி போட்டால், போகவும் அவ்வளவே ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிப்ரவரி 4ஆந் தேதி அவர் கையில் கிடைக்கும். குடியரசு தின வாழ்த்து ஒன்பது நாள் பிந்திப் போய்ச் சேரும்! பிந்தி வந்த வாழ்த்துக்குப் பிந்திப் போகும் வாழ்த்தைப் பதிலாக அனுப்புவது வேடிக்கையாயிருக்கும், உபசாரமாயிராது.

தைப்பூசம் அவ்வருஷம் பிப்ரவரி 11ஆந் தேதி வந்தது. கணக்குப்படி ஒரு வாரம் கையிருப்பு. பனிக்காலத்து மலைப்பாதையில் தபால் பைகள் இரண்டொரு நாள் தங்கினாலும் தப்பாது. மேலும் ஒட்டன்சத்திரத்துப் பிள்ளைக்குத் தைப்பூசத்தைப் பற்றி எழுதுவதில் தனிச் சுவை உண்டு. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. பூசத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே பச்சை வேஷ்டியும் காவி வேஷ்டியுமாகப் பாதயாத்திரைக் கூட்டம் சாரி சாரியாகப் போகும். இரவில் காய்கறிச் சந்தை லாரிகளின் வெளிச்சத்தில் அரோகரா சத்தம் கேட்கும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவரும் மற்றப் பையன்களும் சாலையோரம் நின்று அவர்களுக்கு நீர்மோர் கொடுத்ததுண்டு. ஆகவே, 'பாதயாத்திரைக்காரர்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். பூசத்தன்று உன்னை நினைத்துக் கொள்வோம்' என்று எழுதினோம். வாழ்த்து என்ற சொல்லே அதில் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

பூசமும் கிட்டத்தில் இல்லாத பண்டிகையானால்? தீபாவளி வாழ்த்து ஒரு வாரம் கழித்து வந்தால் கார்த்திகைத் தீபம் இருக்கிறது. வேறொன்றும் அகப்படாவிட்டால் மாதத்தைப் பிடித்துக் கொள்ளலாம். தை மாதம் முழுவதும் நல்ல மாதம் என்பதால், தை 25ஆம் தேதி போய்ச் சேரும் கடிதமும் 'இந்தத் தை உனக்கு நன்றாக அமையட்டும்' என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

பெரியவர்களிடமிருந்து பிந்தி வரும் வாழ்த்துக்கு இந்தச் சிரமங்கள் இல்லை. அவர்களை நாம் திருப்பி வாழ்த்துவது முறையன்று. 'தங்கள் ஆசி கிடைக்கப் பெற்றோம், நமஸ்காரம்' என்றால் முடிந்தது. ஆசிக்குக் காலாவதி கிடையாது.

கடினமானது மற்றொன்று. வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் பண்டிகை இல்லை. அது தெரியாமல் தொலைவிலிருந்து ஒருவர் அனுப்பிய வாழ்த்து, பண்டிகை கழிந்து வந்து சேர்கிறது. அந்த வீட்டார் பதில் எழுதாமலே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறோம். பின்னொரு நாள் விஷயம் தெரியும்போது வாழ்த்து அனுப்பினவர் கூசிப் போகிறார். வாழ்த்துக்கு ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த பாராவில் துக்கச் செய்தியை அதன் தேதியோடு எழுதிவிடுவதே அவருக்குச் செய்யும் தயை என்பது நமது அபிப்பிராயம். 'உங்களுக்குத் தெரியாதா?' என்ற கேள்வி மாத்திரம் கூடாது.

நிற்க. மாணவருக்கு எழுதிய பதிலுக்கு வருவோம். அட்டை எந்த மலையிலிருந்து வந்தது, அங்கே எத்தனை நாள் தபால் கிடக்கிறது என்றெல்லாம் கேட்கத்தான் ஆசை. கேட்கவில்லை. அவர் அதற்கு விடை எழுதக் கூடாது. விடை எழுத முடியாத கேள்வியைக் கேட்பது அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடுவதாகும். விலாசத்திலும் அவருடைய எண், பதவி, பெயர், படைப்பிரிவு, '56 ஏ.பி.ஓ.' என்பவற்றை எழுதி, 9 என்று தொடங்கும் பின்கோடு எண்ணைப் போட வேண்டும். ஊர்ப்பெயர் எழுதலாகாது. நமக்குத் தெரியாத ஊரை டில்லியிலுள்ள ராணுவத் தபால் நிலையம் அறியும்.

உறையை ஒட்டுமுன் அவருடைய தாயாரிடம் ஓர் ஆளனுப்பி, ஏதாவது சேர்த்து எழுத வேண்டுமா என்று விசாரித்தோம். தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனுடைய கடிதம் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு வந்து நம்மைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டுவிட்டுப் போவார். பதிலில் ஒரு சொல் தவறிப் போய், அடுத்த வருஷம் மகன் 'எதற்கு வீணாக' என்று எழுதாமல் விட்டால், நஷ்டம் அந்த அம்மாளுக்குத்தான். ஆள் திரும்பி வந்து சொன்னதை அப்படியே கடிதத்தின் அடியில் எழுதினோம்: 'சிவப்பு மாடு மாட்டுப் பொங்கலன்று கன்று போட்டது. கிடாரி. பேர் வைக்கவில்லை, நீ எழுது என்று அம்மா சொல்லச் சொன்னார்கள்.'