பணம் வாங்கவில்லை, கணக்கையாவது வாங்கிக்கொள்ளுங்கள்!

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். மூன்று ஏக்கர் செம்மண் நிலம், ஒரு வட்டக் கிணறு, இரண்டு கறவை மாடுகள் உள்ள ஒரு விவசாயக் குடும்பத்தில் பிரான்ஸ் நாட்டு வேளாண் மாணவி ஒருவர் ஆறு மாதம் தங்கியிருந்தார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் டிசம்பர் முதல் வாரம் வந்தவர், மே மாதக் கடைசியில் ஊர் திரும்பினார். கிளம்பும்போது நான்கு பக்கக் கடிதம் ஒன்றையும், ஒரு நோட்டையும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கடிதம் முழுக்கத் தமிழில் இருந்தது. அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது அந்த வீட்டில் ஆறாம் வகுப்பு படிக்கும் சிறுமி. கடிதத்தைப் படித்த கையோடு சிவப்புப் பேனாவால் 14 பிழைகளைத் திருத்தி, கீழே ‘நன்று’ என்று எழுதி வைத்ததும் அவள்தான்.

‘அண்ணா, அக்கா, ஆயாவுக்கு வணக்கம். சாப்பாட்டுக்கு மூன்று முறை பணம் கொடுத்தேன். நீங்கள் வாங்கவில்லை. நான்காவது முறை கொடுத்தபோது ஆயா என்னோடு ஒரு நாள் பேசவில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் பணம் வைக்கவில்லை. கணக்கு வைத்திருக்கிறேன்’ என்று கடிதம் தொடங்குகிறது.

முதல் பக்கம் முழுக்க வீட்டில் பெற்ற கடன்களின் கணக்கு. காய்ச்சல் வந்த ஐந்து நாள்களும் ஆயா கேழ்வரகுக் கஞ்சி வைத்துக் கொடுத்தது, மாடு உதைத்துக் கொட்டிய இரண்டு லிட்டர் பாலுக்கு அக்கா ஒரு வார்த்தைகூடத் திட்டாதது, களை எடுக்கிறேன் என்று அவர் பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடிகள் 30-க்கு மேல் என்பது, எல்லாம் அதில் இருக்கின்றன. பொதுவாக ‘நன்றி’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், யார் எந்த நாளில் என்ன செய்தார் என்று எழுதியிருக்கிறார். சிறுமி அதை வாசிக்கக் கேட்ட ஆயா, “அது அஞ்சு நாளு இல்ல, ஆறு நாளு” என்று திருத்தினார்.

அடுத்த இரண்டு பக்கங்கள் கிணற்றைப் பற்றியவை. மாணவி வந்த முதல் வாரத்திலேயே ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் பழைய பூட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில், மோட்டார் போடுவதற்கு முன்பு, கிணற்றுச் சுவரின் மேல்விளிம்பில் ஒரே இடத்தில் இருந்து கயிற்றை இறக்குவார். பூட்டு தண்ணீரைத் தொடும் இடம் எத்தனையாவது முடிச்சு என்று நோட்டில் எழுதுவார். ‘வெள்ளைக்காரப் பொண்ணு கிணத்துல மீன் பிடிக்குது’ என்று ஊரார் சிரித்தார்கள்.

அந்தக் கிணற்றின் ஆழம் 55 அடி. டிசம்பரில் விளிம்பிலிருந்து 16 அடியில் இருந்த தண்ணீர், மார்ச் நடுவில் 31 அடிக்கும், மே கடைசியில் 40 அடிக்கும் இறங்கியிருந்தது. கோடையில் தண்ணீர் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடிதம் சுட்டிக்காட்டியது வேறு ஒன்றை. ஜனவரியில் மோட்டார் ஓடி எட்டு அடி இறங்கினால், மறுநாள் காலைக்குள் அந்த எட்டு அடியும் ஊறிவிட்டது. ஏப்ரலில் அதே எட்டு அடி இறங்கினால், மறுநாள் இரண்டு அடிதான் ஊறியது. மட்டம் இறங்கியதைவிட ஊற்று சுருங்கியதுதான் பயிரைப் பாதித்தது என்கிறார் மாணவி.

இதை அவர் எளிய கணக்காகவே எழுதியிருக்கிறார். வட்டக் கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 22-ஆல் பெருக்கினால், ஓர் அடி உயரத்தில் எத்தனை லிட்டர் நிற்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். அந்தக் கிணற்றின் விட்டம் 20 அடி. ஆக, ஓர் அடிக்கு 8,800 லிட்டர். அரை ஏக்கர் நிலக்கடலைக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். கிணற்றில் அது பதினொன்றரை அடி. ஓர் ஏக்கருக்கு 23 அடி. வாய்க்காலில் ஊறிப்போவது தனி.

நாளுக்கு இரண்டு அடி ஊறும் கிணற்றை வைத்து ஓர் ஏக்கரைச் சுற்றி வர 11, 12 நாளாகும். ஏப்ரல் வெயிலில் அந்தச் செம்மண் ஏழெட்டு நாளுக்கு மேல் தாங்கவில்லை. அந்த ஏக்கரில் ஜனவரியில் விதைத்த கடலையில், கிணற்றை ஒட்டிய மேற்குப் பாதி ஒன்பது மூட்டை கொடுத்தது. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்ந்த கிழக்குப் பாதியில் ஐந்து மூட்டைதான். அதிலும் பொக்கு அதிகம். காய் முற்றும் நேரத்தில் ஈரம் போதவில்லை. ‘அண்ணா விதையைக் குறை சொன்னார். இரண்டு பாதியிலும் போட்டது ஒரே விதை. நான் கூட இருந்து பருப்பு உடைத்தேன்’ என்று எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டில் இது சும்மா படித்துவிட்டு வைக்கிற விஷயமாக இல்லை. உறவினர்கள் சொல்லி, 600 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் பேச்சு பங்குனியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அதற்காக அக்காவின் நகையை அடகு வைப்பதாகவும் முடிவாகியிருந்தது. மாணவி அதைப் பற்றி மூன்றே வரிகள் எழுதினார்: ‘போட வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பாறையில் தண்ணீர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அரை ஏக்கருக்கு ஆறு நாளுக்கு ஒரு முறை கொடுக்க இந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இது மட்டும் எனக்குத் தெரியும்.’

கடைசிப் பக்கத்தில் தன் தாத்தாவைப் பற்றிச் சொல்கிறார். அவரிடம் 40 பசுக்கள் இருந்தன. முதுமையில் பண்ணையை விற்றுவிட்டார். எந்தப் புல்வெளியில் எப்போது மேய்க்கலாம், எந்த ஊற்று எந்த மாதம் வற்றும் என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது, எழுத்தில் இல்லை. ‘நான் கேட்கும் வயது வந்தபோது அவருக்கு நினைவு இல்லை. அதனால்தான் இங்கே திங்கட்கிழமைதோறும் எழுதினேன். கயிறு மாட்டுக் கொட்டகையில், சாணக் கூடைக்கு மேலே உள்ள ஆணியில் இருக்கிறது. நோட்டில் பாதிப் பக்கம் காலி.’

வீட்டுக்காரர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு அடகுப் பேச்சை ஒரு வருடம் தள்ளி வைத்தார். அடுத்த கோடையில் அரை ஏக்கரில் மட்டும் கடலை, மீதி அரை ஏக்கரில் தண்ணீர் குறைவாகக் கேட்கும் எள் என்பது இப்போதைய ஏற்பாடு. மைத்துனர் இன்னும், “ஒரு வருசத்துக் கணக்க வெச்சு என்ன மாமா சொல்ல முடியும்?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஒரு வருடம்போல் மறு வருடம் இருப்பதில்லை. பக்கத்துக் காட்டில் யாராவது ஆழ்துளைக் கிணறு போட்டாலும் இந்தக் கணக்கு மாறிப்போகலாம். இரண்டு, மூன்று கோடை அளந்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த அளவுகளைச் சிறுமி எடுத்து வருகிறாள். தனியாகக் கிணற்றோரம் போகக் கூடாது என்பதால், திங்கட்கிழமை காலையில் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போகிறாள். ஜூன் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அந்த வரியில், ‘திருவிழா, அளக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாள்.