அம்மா கையும் ஆறாவது படமும்

அம்மாவோட இட்லி மாவு பக்குவத்தை எட்டுப் படமா வரைஞ்சு தங்கச்சிக்கு அனுப்பினேன். நாலு கப் இட்லி அரிசிக்கு ஒரு கப் உளுந்து. மறுநாள் காலைல போன்.

"அக்கா, ராத்திரி நடுவுல எழுந்து பெரிய பாத்திரத்துக்கு மாத்தணுமா? எனக்கு மேடையெல்லாம் மாவு!"

சிரிச்சுட்டு படத்தை எடுத்துப் பார்த்தா தப்பு என்னுது. அஞ்சாவது படம், உப்புப் போட்டுக் கரைச்ச மாவு. ஆறாவது, பொங்கின மாவு. ரெண்டும் ஒரே எவர்சில்வர் பாத்திரம்தான். ஆனா அஞ்சாவதை நின்னுட்டு மேலிருந்து பார்த்து வரைஞ்சேன், ஆறாவதை இன்னொரு நாள் உட்கார்ந்து வரைஞ்சேன். மேலிருந்து பார்த்தா பக்கச்சுவர் குட்டையாத் தெரியும், பாத்திரமே சின்னதா, மாவு முக்கால்வாசி இருக்கற மாதிரி ஆயிடும். அவளும் அப்படியே ஊத்தி வச்சிருக்கா. அம்மா ஊத்தறது பாதிக்குத்தான்.

திரும்ப வரைஞ்சேன். முதல்ல ஒரே ஒரு மூலப்படம்: மேடை விளிம்பு, இடப்பக்கம் ஜன்னல், நடுவுல காலிப் பாத்திரம். அதை ஜன்னல் கண்ணாடில ஒட்டி, மேல வெள்ளைத்தாள் வச்சு எட்டுக்கும் நகல் எடுத்தேன். பாத்திரத்தோட வாய் அகலம் 10 செ.மீ., அந்த நீள்வட்டத்தோட உயரம் 6 செ.மீ. முதல்ல 3 செ.மீ.தான் வச்சேன். பாதி மாவு முன்பக்க விளிம்புக்குப் பின்னாடி மறைஞ்சே போச்சு (எவர்சில்வராச்சே!). 6 ஆக்கினதும் உள்சுவர் தெரிஞ்சுது. அஞ்சாவதுல மாவுக்கு மேல 3 செ.மீ. சுவர், ஆறாவதுல 1 செ.மீ. மத்தபடி ஒரு கோடு மாறலை. பொங்கினது அப்போதான் கண்ணுக்குத் தெரியுது.

அடுத்தது கை. அம்மா மத்தியானம் தூங்கினப்ப என் கையையே பார்த்து உப்புப் போடற படத்தை வரைஞ்சிருந்தேன். வளையலை மட்டும் அம்மாவோடதா மாத்திட்டேன், போதும்னு நினைப்பு :) அம்மா பார்த்ததும், "இது யாரு கைடி?"

அம்மாவுக்கு வலது ஆள்காட்டி விரல் நுனி கொஞ்சம் வளைஞ்சிருக்கும், அருவாமணை வெட்டு. அழகா இருக்கட்டும்னு மத்த படங்கள்லயும் நேராக்கி வச்சிருந்தேன். அதைவிடப் பெரிய தப்பு, என் கை பெருசு. உப்புக்கு அம்மா சொல்ற அளவே "உள்ளங்கைக் குழி கொள்ற கல்லுப்பு"ங்கறதுதான். அளந்து பார்த்தேன், அம்மா குழிக்கு 2 மேசைக்கரண்டி, எனக்குக் கிட்டத்தட்ட 3.

இப்ப மூலப்படத்து ஓரத்துலயே அம்மா கையையும் பாத்திரத்துக்குப் பொருத்தமான அளவுல வரைஞ்சு வச்சாச்சு, வளைஞ்ச விரலோட. உப்புப் படத்துக்குக் கீழ "2 மேசைக்கரண்டி"ன்னும் எழுதிட்டேன். தங்கச்சி கையும் என் கை மாதிரிதான்.